மாப்ளேயின் நாற்பதுக்கு ஒரு பக்கம்

போடி பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள தெருவில் நான் ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி, பிறந்தநாள் என்று இந்த ஊரில் ஒரு மனிதனுக்கு நேரக்கூடிய எல்லாவற்றுக்கும் என் கணினியில் ஆயத்தமாக ஒரு கோப்பு உண்டு. படத்தையும் பெயரையும் மாற்றினால் போதும். பிறந்தநாள் என்றால் கறுப்புக் கண்ணாடி போட்ட படம், பின்னால் ஒரு சிங்கம், மேலே 'அகவை காணும் அண்ணன்'. கால்மணி நேரத்தில் பிளெக்ஸ் வேலை முடிந்துவிடும். பதினைந்து வருடமாக இதுதான் என் சோலி. வாழ்த்து எழுதுவது எனக்குக் கைவந்த கலை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நினைப்பில்தான் அந்த ஐப்பசியில் ஒரு முட்டாள்தனம் செய்தேன்.

என் நண்பன் ஒருவன் இருக்கிறான். ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. நான் அவனை மாப்ளே என்பேன், அவனும் என்னை மாப்ளே என்பான். ஊரில் வீடு, மலையில் வேலை. போடிமெட்டுக்கு மேலே ஒரு சரிவில் ஏலக்காய் ஸ்டோர் நடத்துகிறான். ஸ்டோர் என்றால் கடை இல்லை. பறித்த பச்சைக்காயைத் தட்டுகளில் பரப்பி, அடுப்புச் சூட்டில் உலர்த்தி எடுக்கும் கட்டடம். அவனுக்கு நாற்பது வயது ஆக இரண்டு வாரம் இருக்கும்போது, பள்ளிக்கூட நண்பர்களின் வாட்ஸப் குழுவில் நான் ஒரு படம் போட்டேன். அவன் முகத்துக்கு வெள்ளைத் தாடி ஒட்டி, கீழே 'நாப்பதுல நாய்க்குணம், யாரும் கிட்டப் போகாதீக' என்று எழுதியிருந்தேன். இருபது பேர் சிரித்தார்கள். அவனோ, மத்தியானம் பார்த்தால் குழுவை விட்டே வெளியேறியிருந்தான்.

காய் எடுக்கிற பருவம், வேலை மும்முரத்தில் கைதவறி அமுக்கியிருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலை அவன் மனைவி கடைக்கு வந்தது. அங்கன்வாடியில் வேலை பார்க்கிற பெண். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடும். வேலைக்குப் போகிற வழியில் வந்திருந்தது, உட்காரவில்லை. போன மாதம் அவனுக்குத் தலைசுற்றல் வந்து ரத்தம் கொடுத்துப் பார்த்தார்களாம். சர்க்கரை ஆரம்பிக்கிற இடத்தில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னாராம். அன்றிலிருந்து ஆள் சரியில்லை. சாப்பாட்டில் உட்கார்ந்தால் தட்டையே பார்க்கிறான். மகள் ஏதாவது கேட்டால் இரண்டாவது தடவை கேட்ட பிறகுதான் திரும்புகிறான். கூடப் படித்தவர்களில் யார் யார் எந்தெந்த ஊரில் என்னென்ன ஆனார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டு, "நான் ஒண்ணுமே பண்ணல" என்று முடிக்கிறானாம்.

"பொறந்தநாளுக்கு நீங்க ஏதாச்சும் எழுதிக்குடுங்கண்ணே. பிளெக்ஸ் வேணாம். படிச்சா அவருக்கு மனசுல நிக்கிற மாதிரி நாலு வரி."

நான் போட்ட படத்தைப் பற்றி அது ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை.

அன்று சாயங்காலமே எழுத உட்கார்ந்தேன். விரல் தானாகவே 'அகவை நாற்பதில் அடியெடுத்து வைக்கும்' என்று தட்டியது. அழித்தேன். அடுத்து 'வயது என்பது வெறும் எண்தான்' என்று தொடங்கினேன். இது நான் நூறு பேருக்கு எழுதிய வரி. நூறு பேரும் மகிழ்ந்துதான் வாங்கிப்போனார்கள். ஆனால் இவனுக்கு அது வெறும் எண் இல்லை. நாங்கள் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது அவனுடைய அப்பா மலையில் மூட்டை தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர், இறக்கிக்கொண்டு வருவதற்குள் போய்விட்டார். அவருக்கு அப்போது நாற்பத்து மூன்று. அந்த வீட்டு வாசலில் நானும் நின்றேன். அப்படிப்பட்டவனிடம் போய் வயதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், எதுவும் தெரியாதவன் பேசுகிற மாதிரி இருக்கும். அதையும் அழித்தேன்.

மூன்றாவதாக, அவன் செய்ததை எல்லாம் வரிசையாக எழுதினேன். ஜீப் ஓட்டினான், பணம் சேர்த்தான், மலையில் இடம் வாங்கினான், ஸ்டோர் கட்டினான், தங்கைக்குக் கல்யாணம் செய்தான், மகளைப் படிக்க வைத்தான். நல்ல எழுத்துருவில், ஓரத்தில் பூக்கொடி வைத்து அச்செடுத்து மறுநாள் அவன் மனைவியிடம் காட்டினேன். அது இரண்டு தடவை படித்தது.

"எல்லாம் நெசந்தாண்ணே," என்றது. கொஞ்சம் தயங்கியது. "ஆனா செத்தவுகளுக்கு எழுதுன மாதிரி இருக்கு."

வாங்கிப் பார்த்தேன். கட்டினான், வளர்த்தான், உழைத்தான். எல்லாமே முடிந்துபோன வினைகள். நான் கண்ணீர் அஞ்சலிக்கு எழுதுகிற அதே நடை. பூக்கொடிகூட அந்தக் கோப்பிலிருந்து எடுத்ததுதான். தன் காலம் முடிந்துவிட்டது என்று பயந்து கிடக்கிற ஒருவனுக்கு நான் அஞ்சலிச் சுவரொட்டி தயார் செய்திருந்தேன். தாளைக் கிழித்துப் போட்டேன். இதை ஒழுங்காக எழுதி முடிக்காமல் விடுவதில்லை என்று அப்போதுதான் உறுதியாக முடிவெடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து அவனே கடைக்கு வந்தான். கையில் பள்ளிக்கூட நோட்டில் கிழித்த ஒரு தாள்.

"இதக் கொஞ்சம் வெரசா அடிச்சுக் குடு மாப்ளே. பஸ்ஸ்டாண்டுல ஒட்டணும், மெட்டுல ரெண்டு எடத்துல ஒட்டணும்."

தாளில் அவன் கையெழுத்தில் எழுதியிருந்தது: 'ஏலக்காய் ஸ்டோர் குத்தகைக்கு விடப்படும்.' கீழே அவன் கைப்பேசி எண்.

தாளை மேசையில் வைத்தேன். அந்தப் படத்துக்காக மன்னிப்புக் கேட்டேன். மன்னிப்பை வாழ்த்தின் தொடக்கத்தில் எழுதலாம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவனை நேரில் பார்த்தபோது அது தப்பு என்று பட்டது. அவன் பிறந்தநாளில் என் குற்ற உணர்ச்சிக்கு எதற்கு இடம்? அவன் கையை ஆட்டி, அதையெல்லாம் நான் மனசில் வைக்கவில்லை என்றான். மனசில் வைத்திருந்தான் என்பது முகத்தில் தெரிந்தது. நான் மன்னிப்புக் கேட்ட பிறகு அந்தக் கோபம் கொஞ்சம் இறங்கியதும் தெரிந்தது.

டீ வாங்கி வைத்தேன். சர்க்கரை இல்லாமல்.

ஏன் விடுகிறாய் என்று கேட்டேன். அவன் அடுக்கிக்கொண்டே போனான். முட்டி வலிக்கிறது. அடுப்புக்கு விறகு தள்ளும்போது முதுகு பிடிக்கிறது. சூடு பார்க்கிற கருவியில் எண் தெரியவில்லை, கையை நீட்டிப் பிடித்துப் படிக்க வேண்டியிருக்கிறது. ஒரு லோடு காய் உலர ஒரு பகலும் ஒரு ராவும் ஆகும், அது முடியும்வரை கண் அசரக்கூடாது. இதையெல்லாம் இன்னும் எத்தனை வருடம் செய்வது?

"எங்கப்பாவுக்கு நாப்பத்தி மூணு மாப்ளே. எனக்கு இன்னும் மூணு வருசம். அதுக்குள்ள இத ஒரு கைல ஒப்படைச்சுப்புட்டா வீட்டுல இருக்கவுகளுக்கு நல்லது. நான் பண்ணது என்ன, ஒரு தகரக் கொட்டகை. அது போனா போகுது."

அவன் அப்படிச் சொன்னபோது எனக்கு மறுத்துப் பேசத் தோன்றியது. ஆனால் அந்தக் கொட்டகைக்குள் நான் இரண்டு தடவைதான் போயிருக்கிறேன், ஒன்று திறப்பு விழாவுக்கு, இன்னொன்று மழைக்கு ஒதுங்க. அவன் என்ன கட்டியிருக்கிறான் என்று எனக்கே தெரியாது. தெரியாமல்தான் மூன்று தடவை வாழ்த்து எழுதிப் பார்த்திருக்கிறேன்.

நோட்டீஸை உன் பிறந்தநாள் முடிந்த மறுநாள் அடித்துத் தருகிறேன், அதற்கு முன்னால் முடியாது என்றேன். ஏன் என்றான். அடிக்க மனசில்லை, அவ்வளவுதான் என்றேன். அவன் தாளை என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை அவன் ஊருக்குள் காய் இறக்க வருவான் என்பது தெரியும். அவன் ஸ்டோரில் இல்லாத நேரம் பார்த்து, அன்று காலை தோட்ட வேலைக்குப் போகிற பெண்களின் ஜீப்பில் நானும் ஏறினேன். டிரைவருக்குப் பக்கத்தில் இரண்டு பேர் ஏற்கெனவே நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் தூக்குவாளிகளுக்கும் மழைக்குப் போர்த்துகிற கொங்காணிகளுக்கும் நடுவில் எனக்கு ஒரு சாண் இடம் கிடைத்தது. கம்ப்யூட்டர் கடைக்காரருக்கு மலையில் என்ன சோலி என்று ஒரு பெண் கேட்டது. ஒருத்தருக்கு வாழ்த்து எழுதணும், விசாரிக்கப் போறேன் என்றேன். மலையடிவாரத்து முந்தல் தாண்டி வளைவுகள் ஏறும்வரை அவர்களுக்கு அதுவே சிரிக்கப் போதுமானதாக இருந்தது.

ஸ்டோரில் அப்போது ஒரு அக்கா இருந்தது. பக்கத்துச் சரிவில் ஒன்றரை ஏக்கர் ஏலம் வைத்திருக்கிறது. கணவர் இல்லை. மலையிலேயே பிறந்து வளர்ந்ததால் பேச்சில் மலையாளம் கலந்து வரும். அன்று காலைதான் அதன் காய் உலர்ந்து இறங்கியிருந்தது. சாக்கில் அள்ளிக்கொண்டே என்னோடு பேசியது. நான் வந்த காரணத்தைச் சொன்னதும் அது சிரிக்கவில்லை. "வா, காட்டுறேன்" என்று உலர்த்தும் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனது.

உள்ளே சூடு இன்னும் தங்கியிருந்தது. தரையை ஒட்டி வெளி அடுப்பிலிருந்து வருகிற பெரிய இரும்புக் குழாய் அறையைச் சுற்றி ஓடியது. விறகுப் புகை அந்தக் குழாய்க்குள்ளேயே போய் வெளியேறிவிடும், சூடு மட்டும் அறையில் நிற்கும். இருபுறமும் கம்பிவலைத் தட்டுகள் அடுக்கடுக்காக இருந்தன. மேலே ஈரம் வெளியேற ஜன்னல்களும் ஒரு மின்விசிறியும். இதெல்லாம் எந்த ஸ்டோரிலும் இருப்பதுதான் என்றது அக்கா. பிறகு ஒரு தட்டின் முகப்பைக் காட்டியது. அதில் பெயிண்டில் ஒரு கொலுசு வரைந்திருந்தது. அடுத்த வரிசையில் அரிவாள். அதற்குக் கீழே மல்லிகைப்பூ. ஒரு சாவி, ஒரு மீன், ஒரு குடை. மொத்தம் பதினொன்று எண்ணினேன்.

அக்கா சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர்களுக்கு முன்பெல்லாம் சொந்தமாக உலர்த்த வழியில்லை. பறித்த காயைப் போட்டு வைத்தால் நிறம் போகும், புழுங்கும். அதனால் பறித்த அன்றே பச்சையாக, வாங்குகிறவர் சொன்னதற்குக் கொடுத்துவிட வேண்டும். இரண்டொரு இடத்தில் உலர்த்திக் கொடுப்பார்கள்தான், ஆனால் எல்லார் காயையும் ஒன்றாகக் கொட்டி, கடைசியில் எடைக்கு எடை பங்கு பிரிப்பார்கள். நன்றாக வளர்த்தவன் காயும் ஏனோதானோவென்று வளர்த்தவன் காயும் ஒன்றாகிவிடும். இவன்தான் முதன்முதலில் ஒவ்வொருவர் காயையும் தனித்தனித் தட்டில் போட்டு, தனியாகவே இறக்கித் தந்தவன். படிக்கத் தெரியாதவர்களுக்கும் தங்கள் தட்டு தெரிய வேண்டும் என்று அவனே உட்கார்ந்து படம் வரைந்தானாம். கொலுசு இந்த அக்காவுடையது. என்ன படம் வேண்டும் என்று கேட்டு வரைந்தான் என்றது.

"இப்ப என் காயை என் காயின்னு சொல்ல முடியுது. அதாக்கும் விசயம்."

நான் கைப்பேசியை எடுத்து அந்த வாக்கியத்தை அப்படியே எழுதிக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் அக்கா அந்த மழையைப் பற்றிச் சொன்னது. இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆடியில் மண் சரிந்து பாதை அடைத்துக்கொண்டது. கரண்டும் போய்விட்டது. பறித்த காய் ஒன்பது பேர் வீட்டில் கிடக்கிறது, கீழே இறக்கவும் வழியில்லை. இவன் ஸ்டோரில் மாட்டிக்கொண்டான். விசிறி ஓடாது. விசிறி இல்லாமல் ஈரம் வெளியே போகாது, ஈரம் நின்றால் காய் வெந்துவிடும். அவன் அடுப்பைச் சின்னதாக எரித்து, ஏணி வைத்து ஏறி மேல் ஜன்னல்களைக் கையால் திறந்து திறந்து மூடி, மேல் தட்டைக் கீழேயும் கீழ்த் தட்டை மேலேயும் மாற்றி மாற்றி வைத்து மூன்று நாள் ஓட்டினான். அத்தனை நெருக்கடியிலும் ஒருவர் காயை இன்னொருவர் தட்டில் கொட்டவில்லை. அவனுக்கும் சொந்தமாக ஒரு ஏக்கர் காய் கிடந்தது. அதைக் கடைசியாகத்தான் ஏற்றினான். அதற்குள் அது புழுங்கி, வெளுத்து, தரம் போய்விட்டது.

அந்த ஆடியில் அவன் இறங்கி வந்த பிறகு நான் அவனைப் பார்த்தேன். மழை எப்படி என்று கேட்டேன். பலமான மழை என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

மத்தியான ஜீப்பில் இறங்கும்போது எனக்குள் ஒரு பரபரப்பு இருந்தது. எழுத வேண்டியது என்னிடம் வந்துவிட்டது. இனி அதைக் கெடுக்காமல் எழுதினால் போதும்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் கடை மத்தியானத்தோடு மூடி இருந்தது. சில முடிவுகள் எடுத்தேன். தட்டச்சு வேண்டாம், கையால் எழுத வேண்டும், என் கணினியிலிருந்து ஊருக்கே வாழ்த்து போகிறது என்பது அவனுக்குத் தெரியும். ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், கண்ணாடி இன்னும் வாங்கவில்லை அவன். 'அவர்' கிடையாது, 'நீ' மட்டும்தான், நாங்கள் பேசுகிற பேச்சிலேயே. கட்டினான் என்று எழுதாமல், இப்போது நடக்கிறதை எழுத வேண்டும். புகழ்ச்சிச் சொல் எதுவும் வேண்டாம், கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் மட்டும். பயத்தைச் சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதைத் தாண்டாமல் அவன் மற்றதைப் படிக்க மாட்டான். புத்திமதி வேண்டாம் என்றும் முடிவு செய்தேன், அதில் மட்டும் ஒரு வரி மீறினேன்.

ஐந்தாவது தாளில் அது இப்படி நின்றது.

"மாப்ளே, இன்னைக்கு உனக்கு நாப்பது. உங்கப்பாவுக்கு நாப்பத்தி மூணோட நின்னுபோச்சுன்னு நீ எண்ணிக்கிட்டு இருக்கன்னு எனக்குத் தெரியும். அந்தப் பயத்துக்கு எங்கிட்ட மருந்து இல்ல. ஆனா அவரு நெஞ்சு வலிய ஒரு வாரம் யாருகிட்டயும் சொல்லாம மூட்டை தூக்குனாருன்னு நீதான் எனக்குச் சொன்ன. நீ தலை சுத்துன மறுநாளே ரத்தம் குடுத்துப் பாத்துட்டு, அத வீட்டுல காட்டியிருக்க. அவருக்குக் கெடைக்காத தகவல் உனக்கு டாக்டர்கிட்ட முன்னாடியே கெடைச்சிருக்கு.

தகரக் கொட்டகைன்னு சொன்னேல்ல, நான் போய்ப் பாத்துட்டு வந்தேன். கொலுசு, அருவா, மல்லிப்பூ, சாவி, மீனு, குடை. பதினொண்ணு எண்ணுனேன். எழுத்துத் தெரியாதவுகளும் தன் தட்ட தானே எடுத்துட்டுப் போறாக. 'இப்ப என் காயை என் காயின்னு சொல்ல முடியுது.' இது நான் சொன்னதில்ல, கொலுசுத் தட்டுக்காரக சொன்னது.

ரோடு அடைச்ச ஆடியில ஒம்பது பேரு காய மொதல்ல ஏத்திட்டு உன் காயக் கடைசியா வச்சியாம். உன்னுது வெளுத்துப்போச்சாம். எங்கிட்ட மழை பலம்னு மட்டும் சொன்ன. கூடப் படிச்சவக என்னென்னமோ ஆயிட்டாகன்னு சொல்றியே, அதுல ஒருத்தன் நானு. எம் பேரச் சொல்லி இப்படி ஒண்ண யாரும் பேசுனதில்ல.

நாளைக்குக் காலையிலயும் பச்சைக்காய் வரும். தட்டு காத்துக்கிட்டு இருக்கும். ஆனா விடிய விடிய அந்த அடுப்புகிட்ட நீ ஒருத்தனேதான் நிக்கணும்னு எவனும் சட்டம் போடல. இந்த ஒரு வரிதான் புத்திமதி, பொறுத்துக்க.

நல்லா இரு மாப்ளே. நாப்பத்தொண்ணுக்கும் நான்தான் எழுதுவேன்."

திங்கட்கிழமை அவன் மனைவி வந்து படித்தது. இந்தத் தடவை நின்றுகொண்டு படிக்கவில்லை, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தது. அப்பாவைப் பற்றிய வரிகள் எனக்கு உறுத்தலாக இருந்தன. பிறந்தநாள் அன்று சாவைப் பற்றிப் பேசலாமா, எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"இருக்கட்டும்ண்ணே. அவரு மனசுல அதுதான் ஓடுது. வீட்டுல நாங்க யாரும் அதச் சொல்ல மாட்டேங்குறோம். நீங்களாச்சும் சொன்னீங்களே."

குத்தகை நோட்டீஸைப் பற்றியும் அதற்குத் தெரிந்திருந்தது. அவன் சட்டைப் பையில் ஒரு நகல் இருந்ததாம். எடுத்துப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி திரும்ப வைத்துவிட்டதாகச் சொன்னது.

பிறந்தநாள் புதன்கிழமை. அவன் வழக்கம்போல விடியற்காலையில் மலைக்குப் போய்விட்டான். பத்து மணிக்கு நானும் போனேன். கேக் எதுவும் கொண்டுபோகவில்லை. அவன் மனைவி கொடுத்துவிட்ட சுண்டல் ஒரு டப்பாவும் அந்தத் தாளும்தான். இரண்டு பேர் பச்சைக்காய் கொண்டுவந்து தொட்டியில் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவன் தட்டில் காயைப் பரப்பிக்கொண்டிருந்தான். தாளைக் கொடுத்தேன். என்ன இது, நோட்டீஸா என்றான். இல்லை, உனக்குத்தான் என்றேன்.

கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கினான். வெளிச்சத்துக்குப் போய், கையை முழுதாக நீட்டிப் பிடித்துப் படித்தான். எழுத்தைப் பெரிதாக எழுதியும்கூட நீட்டித்தான் பிடித்தான். நான் வேறு பக்கம் திரும்பி மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு பக்கத்துக்கு இவ்வளவு நேரமா என்று தோன்றியபோது திரும்பினேன். முதலிலிருந்து மறுபடி படித்துக்கொண்டிருந்தான்.

"ஒம்பது பேரு இல்ல," என்றான். "பத்து. மேட்டுவீட்டு அண்ணன விட்டுட்ட. அவரு காயி ஒரு கூடைதான். ஆனா அதுவும் தனித் தட்டுலதான் போட்டேன்."

பேனாவை எடுத்து அங்கேயே அடித்துப் பத்து என்று திருத்திக் கொடுத்தேன். அவன் அதை ஊதி, மை காய்ந்ததா என்று பார்த்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். பிறகு, "அந்த மூலைத் தட்டப் பிடி" என்றான். இரண்டு பேருமாக மூன்று வரிசை ஏற்றினோம். எனக்குப் பாதியிலேயே மூச்சு வாங்கியது. அவனுக்கு முட்டி வலித்தது, ஒவ்வொரு தடவை குனியும்போதும் பல்லைக் கடித்தான். வாழ்த்து எழுதினால் முட்டி வலி போய்விடுமா என்ன.

மறுநாள் நான் வாக்குக் கொடுத்தபடி நோட்டீஸ் அடிக்க உட்கார்ந்தேன். அடிக்கட்டுமா என்று அவனுக்குப் போன் போட்டேன். பொறு, நான் வர்றேன் என்றான். மூன்று நாள் கழித்துத்தான் வந்தான். குத்தகைத் தாளைக் கேட்டு வாங்கி, அதன் பின்பக்கத்தில் வேறொன்று எழுதினான். அடுப்புப் பார்க்க இனி முறை வைப்பது, கொலுசுத் தட்டு அக்காவும் இன்னும் மூன்று பேரும் ஆளுக்கு ஒரு ராவு. தன் முறை வருகிறவருக்கு அந்த வாரம் உலர்த்தும் கூலி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஸ்டோர் மூடியிருக்கும். அக்காவிடம் அவன்தான் போய்க் கேட்டானாம். இதை ஏன் இரண்டு வருடமாகக் கேட்கவில்லை என்று அது திட்டியதாம்.

அதைத் தட்டச்சு செய்து, எழுத்தைப் பெரிதாக்கி, நான்கு பிரதி எடுத்துக் கொடுத்தேன். ஒன்றை ஸ்டோர் கதவில் ஒட்டியிருக்கிறான்.

பயம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். நாற்பத்து மூன்றைத் தாண்டும்வரை அது இருக்கத்தான் செய்யும் என்று அவனே சொல்கிறான். ஆனால் அதை இப்போது வாய்விட்டுச் சொல்கிறான், வீட்டிலும் சொல்கிறான். குழுவுக்குள் திரும்ப வரவில்லை. கூப்பிடவும் இல்லை நான்.

கார்த்திகை பிறந்து, முதல் ஞாயிற்றுக்கிழமை, ஸ்டோர் மூடியிருந்த நாள், இரண்டு பேரும் தேனிக்குப் போனோம். அவனுக்கு மறுபடி ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. வெறும் வயிற்றோடு பஸ்சில் உட்கார்ந்திருந்தவன், நீயும் கொடுத்துப் பார், உனக்கும் இன்னும் நாலு மாதத்தில் நாற்பதுதானே என்றான். எனக்கு என்ன, நான் நிழலில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன் என்றேன். விடவில்லை. சட்டையின் கையை அவனே மடித்துவிட்டான்.

சாயங்காலம் முடிவு வந்தது. அவனுடையது போன தடவையைவிட இறங்கியிருந்தது. என்னுடையது அவனுடையதைவிட மேலே இருந்தது. டாக்டர் என்னைத்தான் உட்கார வைத்து நிறைய நேரம் பேசினார். வெளியே வந்ததும் அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. நாளைக்கு அஞ்சரைக்கு வாசலில் நில், ராசிங்காபுரம் ரோட்டில் நடப்போம் என்றான். எனக்கு அவ்வளவு சீக்கிரம் எழுந்து பழக்கமில்லை.

அஞ்சரைக்கு வாசலில் நின்றேன்.